வேலூர் டிராவல்ஸ்காரரின் லிங்க்ட்இன் பக்கத்தைக் கம்பெனிக்காரர் எப்படிப் படிக்கிறார்?

கேள்வி: வேலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். திருப்பதி, ஸ்ரீபுரம், திருவண்ணாமலை டூர், கல்யாண வண்டி, சி.எம்.சி.க்கு வருகிறவர்களுக்கு டிக்கெட் என்று ஓடுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் கம்பெனிகளின் பயண வேலையைப் பிடிக்க ஆசை. லிங்க்ட்இன்னில் என் பெயரில் பக்கம் இருக்கிறது, கனெக்‌ஷனும் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனிகூடக் கூப்பிடவில்லை. பக்கத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

இந்த வட்டாரத்தில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸும் அட்மினும் என் பொறுப்பில் இருந்தன. எந்த டிராவல்ஸுக்கு வேலை கொடுப்பது என்பதும் என் மேசைக்குத்தான் வரும். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

முதலில், அதை யார் படிக்கப் போகிறார் என்பதில் தெளிவு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முதலாளிகளில் பலர் லிங்க்ட்இன்னை அடிக்கடி திறப்பதில்லை. அவர்களிடம் வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர், அட்மின் மேனேஜர், ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஆகியோர் திறக்கிறார்கள். பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளின் தொழிற்சாலை சிப்காட்டில் இருந்தாலும், பயண ஒப்பந்தம் தலைமை அலுவலகத்தில் முடிவாகிவிடும். அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். தனியாக டிராவல் டெஸ்க் இல்லாத, ஆனால் மாதா மாதம் ஆள் பறக்கிற நடுத்தர ஏற்றுமதி நிறுவனம்தான் உங்களுக்கான இடம். அங்கே டிக்கெட் போடுவது யாரோ ஒருவருக்குக் கூடுதல் வேலையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒருவர்தான் உங்கள் வாசகர்.

அவருக்கு மலிவான டிக்கெட் பெரிய விஷயமில்லை. விலையை அவரே இரண்டு நிமிடத்தில் போனில் பார்த்துவிடுவார். அவருடைய பயம் வேறு. பில் தப்பாக வந்தால் அக்கவுண்ட்ஸ் திட்டும். வெளிநாட்டுப் பையர் நடுராத்திரி இறங்கும்போது வண்டி இல்லை என்றால் முதலாளி திட்டுவார். இந்த இரண்டுக்கும் உங்கள் பக்கம் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான டிராவல்ஸ்காரர்களின் பக்கத்தில் இருப்பது கோயில் கோபுரம், பனிமலை, இன்னோவா வரிசை, பண்டிகை வாழ்த்து. அது குடும்பமாகச் சுற்றுலா போகிறவருக்குச் சரி. கம்பெனிக்காரர் அதைப் பார்த்ததும் ‘இவர் டூர்காரர்’ என்று தீர்மானித்து மூடிவிடுவார்.

பெயர் போடும் இடத்தில் உங்கள் சொந்தப் பெயர் மட்டும் இருக்கட்டும். சிலர் அங்கேயே கடைப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். தனிநபர் பக்கத்தில் உண்மையான பெயர்தான் இருக்க வேண்டும் என்பது லிங்க்ட்இன் விதி, மீறினால் கணக்கை முடக்க முடியும். கம்பெனிப் பெயருக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவருக்குக் கனெக்‌ஷன் அழைப்பு அனுப்ப முடியாது. ஆகவே வேலையைக் கொண்டுவரப் போவது உங்கள் பெயரிலுள்ள பக்கம்தான்.

பெயருக்குக் கீழே வரும் Headline-க்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. ‘நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, டூர்ஸ், டிராவல்ஸ், விசா, பாஸ்போர்ட், வண்டி வாடகை’ என்று அடுக்குவது வழக்கம். அந்தப் பட்டியலில் யார் மனதிலும் எதுவும் நிற்காது. ஆங்கிலத்தில் எழுதுங்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: ‘ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ ஏற்றுமதியாளர்களுக்கு விமான டிக்கெட், பையர் பிக்கப், ஐரோப்பிய விசா. டிக்கெட் உங்கள் ஜிஎஸ்டி எண்ணிலேயே.’ ஊர், தொழில், வேலை, பில் நான்கும் வந்துவிட்டன. போனில் பார்க்கும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும், ஆகவே ஊரும் தொழிலும் முன்னால் வர வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூர் அளவிலுள்ள ஒரு டிராவல்ஸ்காரர் பெரிய ஆன்லைன் தளத்தோடு போட்டி போட முடிகிற இடம் இதுதான்.

எகானமி விமான டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. வேலை நிமித்தமான பயணம் என்றால் கம்பெனி அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் டிக்கெட் போடும் நேரத்திலேயே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணை விமான நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி மாதம் 40 உள்நாட்டு டிக்கெட் போடுகிறது, வரிக்கு முந்தைய கட்டணம் சராசரி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டுக்கு 300 ரூபாய் வரி, மாதம் 12,000. நீங்கள் டிக்கெட்டுக்கு 250 ரூபாய் சேவைக் கட்டணம் வாங்கினால் மாதம் 10,000. அதாவது, எண்ணை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தாலே உங்கள் கட்டணத்தைவிட அதிகமாக அவர்களுக்குத் திரும்பி வருகிறது. உங்கள் கட்டணத்தின் மேல் வரும் 18 சதவீதமும் அவர்களுக்குக் கிரெடிட்தான். ஏற்றுமதியாளருக்கு இது இன்னும் இனிக்கும். ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம் என்பதால், வரி கட்டாமல் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துச் சரக்கு அனுப்புகிறவர்கள் தேங்கிய கிரெடிட்டை ரீஃபண்டாகக் கேட்டு வாங்கலாம்.

இது எப்படிக் கெடுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நேரடி ஐயாட்டா அங்கீகாரம் இல்லாத ஏஜெண்டுகள் மொத்த ஏஜெண்டின் போர்ட்டலில் டெபாசிட் போட்டு டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஜிஎஸ்டி பெட்டி கட்டாயமில்லை என்றால் அவசரத்தில் காலியாக விட்டுவிடுவார்கள். சில சமயம் ஏஜெண்டின் சொந்த எண் தானாகவே நிரம்பி நிற்கும். எங்களுக்கு டிக்கெட் போட்ட ஒருவர் மாதக்கணக்கில் இப்படித்தான் செய்திருந்தார். கம்பெனிக்கு வந்த கிரெடிட்டைக் காட்டும் GSTR-2B மாதா மாதம் 14-ஆம் தேதி வரும், அதை எடுத்துப் பார்த்தபோது விமான நிறுவனங்களின் பில் ஒன்றுகூட எங்கள் எண்ணில் இல்லை. பயணம் முடிந்த பிறகு எண்ணை மாற்றித் தரச் சொன்னால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பணம் போனது போனதுதான். அந்த ஏஜெண்டையும் மாற்றிவிட்டோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கம்பெனிக்கும் ஜிஎஸ்டி எண் (தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும்), பதிவில் உள்ளபடியே கம்பெனிப் பெயர், பில் போக வேண்டிய மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் போர்ட்டலில் சேமித்து வையுங்கள். டிக்கெட் போட்ட கையோடு எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் கொடுத்து ஜிஎஸ்டி இன்வாய்ஸை இறக்கி, மாதக் கணக்கோடு சேர்த்துக் கொடுங்கள். உங்கள் சேவைக் கட்டணத்துக்குத் தனி பில் போடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே தொகையாக எழுதினால் அக்கவுண்ட்ஸ்காரர் முதல் மாதமே முகம் சுளிப்பார்.

எது கிரெடிட் ஆகாது என்றும் சொல்லிவிடுங்கள், அதில்தான் நம்பிக்கை வரும். ஆள் போக்குவரத்துக்கு எடுக்கும் கார் வாடகையின் ஜிஎஸ்டியை, 13 இருக்கை வரையுள்ள வண்டி என்றால், ஒரு ஷூ கம்பெனி எடுக்க முடியாது. ஓட்டலுக்கு வரி அந்த ஓட்டல் இருக்கும் மாநிலத்துக்குரியது. சென்னையில் தங்கினால் தமிழ்நாட்டு எண்ணில் கிரெடிட் கிடைக்கும், மும்பையில் தங்கினால் மகாராஷ்டிர வரி, இங்கே உள்ள எண்ணால் எடுக்க முடியாது. விமான டிக்கெட் அப்படி இல்லை, பதிவு பெற்ற கம்பெனிக்கு அது எங்கிருந்து கிளம்பினாலும் எடுக்கலாம். இந்த வித்தியாசத்தை ஒரு டிராவல்ஸ்காரர் தானாகச் சொன்னால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இதைத்தான் About பகுதியில் எழுத வேண்டும். 2,600 எழுத்து வரை இடம் இருந்தாலும், திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகள்தான், மீதி ‘மேலும்’ என்பதற்குள் மறைந்திருக்கும். ‘பயணத்தின் மீது எனக்கு எப்போதும் காதல்’ என்று தொடங்கினால் அந்த வரிகள் வீண். இப்படித் தொடங்குங்கள்: ‘ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள ஏற்றுமதி நிறுவனங்களுக்கு டிக்கெட், வண்டி, விசா பார்க்கிறேன். ஒவ்வொரு டிக்கெட்டும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில், விமான நிறுவன இன்வாய்ஸோடு மாதக் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு போன் எடுப்பது நானோ என் தம்பியோ.’ கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். யார் எடுப்பார்கள் என்று சொல்லும் வரி, ‘24 மணி நேரச் சேவை’ என்பதைவிட நூறு மடங்கு நம்பத் தகுந்தது.

Featured பகுதியில் வண்டிப் படம் வேண்டாம். ஒரே ஒரு பிடிஎஃப் போதும்: மாதக் கணக்கு மாதிரி. கற்பனைப் பெயர்களோடு, தேதி, பயணி, வழி, பிஎன்ஆர், அடிப்படைக் கட்டணம், ஜிஎஸ்டி, விமான இன்வாய்ஸ் எண், உங்கள் கட்டணம், கேன்சல் ஆனால் திரும்பி வந்த தொகை என்று ஒரு பக்கத்தில் இருக்கட்டும். கேன்சல் பத்தியை மறக்காதீர்கள். ரீஃபண்ட் ஏஜெண்டின் டெபாசிட்டில் வந்து உட்கார்ந்துவிடும், கம்பெனிக்கு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் மேசையில் அதிகச் சண்டை நடந்தது இதற்குத்தான். நாங்கள் கேட்பதற்கு முன்பே அந்தப் பத்தியைக் காட்டுகிறவரை உடனே கூப்பிடத் தோன்றும்.

பதிவு எழுதுவது பற்றி. வாரத்துக்கு மூன்று என்று கணக்கு வேண்டாம். இந்தத் தொழிலின் காலண்டரைப் பிடித்துக்கொண்டால் போதும். மிலானில் லீனியாபெல்லே தோல் கண்காட்சி பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. பிப்ரவரிக்குப் போகிறவர்களுக்கு நவம்பர் கடைசியில் ஒரு பதிவு போடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கெடுவை நம்பி ஜனவரி வரை உட்கார்ந்தால், சென்னை மையத்தில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்காமல் தவிக்க நேரும். பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கூடவே, கம்பெனியின் கடிதத்தில் போகும் ஆளின் பதவி, சம்பளம், செலவை யார் ஏற்கிறார் என்பதெல்லாம் வர வேண்டும் என்று எழுதுங்கள். இந்த ஒரு பதிவை மெர்ச்சண்டைசர் தன் அட்மினுக்கு அனுப்புவார். அதற்கு லைக் எத்தனை என்று பார்க்காதீர்கள். இந்த வேலையில் வாடிக்கையாளர் ஆகப்போகிறவர் பெரும்பாலும் லைக் போடாமல் படிக்கிறவர்தான்.

இன்னொரு நல்ல விஷயம்: ஆம்பூர், வாணியம்பாடியில் இருந்து சென்னை விமான நிலையமா, பெங்களூருவா என்பது. ஆம்பூர்க்காரருக்கு தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையமும் தூரத்தில் பெரிதாக வித்தியாசப்படாது, ஆனால் பெங்களூரு நகரத்தைக் கடக்கும் நேரம் எந்த வேளையில் போகிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும். எந்த விமானத்துக்கு எந்த ஊர் லாபம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று இங்கே வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். பெரிய தளங்கள் இதைச் சொல்லாது.

போடக் கூடாத பதிவு ஒன்று உண்டு, அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘ஜெர்மனியில் இருந்து வந்த விருந்தினர்களை இன்று சென்னையில் வரவேற்றோம்’ என்று பையரோடு நின்று எடுத்த படம். இங்கே பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் ஒரே பையருக்காகப் போட்டி போடுகின்றன. யார் எந்த வாரம் யாருடைய தொழிற்சாலைக்கு வந்தார் என்பது வியாபார ரகசியம். அந்த ஒரு படத்தால் இருக்கிற வாடிக்கையாளரும் போவார், பார்க்கிற மற்றவர்களும் ‘நம்மையும் இப்படித்தான் போடுவார்’ என்று ஒதுங்குவார்கள். கம்பெனி லோகோக்களை வரிசையாக அடுக்குவதும் அப்படித்தான், எழுத்தில் அனுமதி வாங்காமல் செய்ய வேண்டாம். விசா வந்த மகிழ்ச்சியில் பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவது இன்னும் மோசம்.

சரி, பக்கம் தயார். அப்புறம் ஆளைத் தேட வேண்டும். லிங்க்ட்இன் தேடலில் ஊரை ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று வைத்து, அட்மின், ஹெச்.ஆர்., மெர்ச்சண்டைசிங், ஃபைனான்ஸ் பதவிகளைத் தேடுங்கள். சிலர் இங்கே வேலை செய்தாலும் ஊரைச் சென்னை என்று போட்டிருப்பார்கள், ஆகவே கம்பெனிப் பெயரை வைத்தும் ஒருமுறை தேடுங்கள். இலவசக் கணக்கில் தேடலுக்கும், குறிப்போடு அனுப்பும் அழைப்புக்கும் மாத வரம்பு உண்டு. அந்தக் குறிப்புகளைச் சரியான ஆளுக்கு மட்டும் செலவழியுங்கள்.

ஒரு உதாரணம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ஒரு மேடம், போன வருடம் மிலான் கண்காட்சிக்குப் போனதைப் பதிவாகப் போட்டிருக்கிறார். டிசம்பர் தொடக்கத்தில் அவருக்கு நீங்கள் எழுதுவது: ‘வணக்கம் மேடம். வேலூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு டிக்கெட், விசா பார்க்கிறேன். பிப்ரவரி மிலானுக்கான விசா ஆவணப் பட்டியலை என் பக்கத்தில் போட்டிருக்கிறேன், உங்கள் டீமுக்கு உதவலாம்.’ அவ்வளவுதான். ‘எங்களுக்கு ஒரு வாய்ப்பு தாருங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. அவர் ஏற்றுக்கொண்டவுடன் விலைப்பட்டியலை அனுப்பவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ‘உங்கள் கம்பெனியில் பயண பில் பார்ப்பது யார் என்று சொன்னால், மாதக் கணக்கு மாதிரியை அவருக்கு அனுப்புகிறேன்’ என்று கேளுங்கள். மெர்ச்சண்டைசரால் உங்களை நியமிக்க முடியாது, அறிமுகம் செய்ய முடியும்.

அக்கவுண்ட்ஸில் இருந்து முதலில் வருவது ஒரு சோதனைக் கேள்வியாக இருக்கும்: ‘சென்னை–டெல்லி நாளைக்கு என்ன ரேட்?’ தளத்தில் காட்டும் விலையையும் உங்கள் கட்டணத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கட்டணத்தை விலைக்குள் ஒளித்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அடுத்து வரும் முதல் உண்மையான வேலை பெரும்பாலும் ஒரு இரவுப் பிக்கப். விமானம் தாமதமானால் கேட்காமலே செய்தி சொல்லுங்கள், டிரைவர் பெயர், வண்டி எண்ணை மாலையிலேயே அனுப்புங்கள். பெயர்ப் பலகையில் பையரின் கம்பெனிப் பெயர் வேண்டாம், ஆளின் பெயர் மட்டும் போதும்.

பிறகு கடன் பேச்சு வரும். இங்கேதான் பலர் வேலையைப் பிடித்துவிட்டு மூழ்குகிறார்கள். மாதம் 6 லட்சத்துக்கு டிக்கெட், ஓட்டல், வண்டி எடுக்கிறார்கள், மாதக் கடைசியில் பில், 30 நாளில் பணம் என்று வையுங்கள். முதல் தேதி எடுத்த டிக்கெட்டுக்கு 60 நாள், கடைசித் தேதி எடுத்ததற்கு 30 நாள், சராசரி 45 நாள். சராசரியாக 9 லட்சம் வெளியே நிற்கும். போர்ட்டலில் நீங்கள் முன்பணம் கட்டித்தான் எடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 9,000. மேலே சொன்ன 10,000 ரூபாய் சேவைக் கட்டணம் அதிலேயே கரைந்துவிடும். 15 நாளுக்கு ஒரு பில், பில் தேதியில் இருந்து 15 நாளில் பணம் என்று பேசினால் வெளியே நிற்பது 4.5 லட்சமாகப் பாதியாகும். ‘15 நாளுக்கு ஒருமுறை கணக்கு’ என்பதை About-இலேயே எழுதிவிட்டால், இந்தப் பேச்சு வரும்போது அது புதிதாகத் தெரியாது.

உத்யம் பதிவு எடுத்து, எண்ணைப் பில்லின் அடியில் போடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் ஆடிட்டர் அந்த எண் உள்ள பில்களைத் தனியாக எடுத்து அடுக்குவார். ஆனால் கூட்டத்தில் இந்தச் சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டாம். எண் பில்லில் இருந்தால் போதும், அக்கவுண்ட்ஸ்காரருக்குத் தெரியும். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு கடன் வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள், 2 லட்சம் என்று வைத்தால், அதைத் தொட்டதும் பழைய பில் தீர்ந்த பிறகே அடுத்த டிக்கெட் என்பதை மின்னஞ்சலில் எழுதி அவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு முதல் டிக்கெட்டைப் போடுங்கள்.